கயலின் மச்சம் எந்தக் கன்னத்தில்? மாதிரிப் படமா, லோராவா?

கொழும்புக் காலிமுகத்திடலில் பட்டம் விடும் ஒரு சிறுமியை வைத்து 24 பக்கப் படக்கதை செய்து முடித்திருக்கிறேன். அவள் பெயர் கயல். இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன், விழுந்த முன்பல், இடது கன்னத்தில் ஒரு மச்சம். படம் உருவாக்கும் ஏஐ கருவிக்கு இதையெல்லாம் எழுத்தில் மட்டும் கொடுத்தால் பக்கத்துக்கு ஒரு பிள்ளை வந்து நிற்கும். ஒரே பிள்ளை வேண்டுமென்றால் நடைமுறையில் இரண்டு வழி: ஒரு மாதிரிப் படத்தைக் காட்டுவது, அல்லது லோரா என்ற சிறிய கோப்பைப் பயிற்றுவது. நான் இரண்டிலும் வேலை செய்தேன், லோராவில் நின்றுவிட்டேன்.

முதல் வழி மாதிரிப் படம். கயலின் ஒரு படத்தைக் கொடுத்து, "இதே பிள்ளை ரயிலில் இருக்கிறாள்" என்று கேட்பது. பயிற்சி எதுவும் தேவையில்லை, நிமிடத்தில் படம் வரும். நான்கைந்து படம் போதுமென்றால் இதையே பிடியுங்கள். என் தவறு, ஐந்தாம் பக்கம் நன்றாக வந்ததென்று அதையே ஆறாம் பக்கத்துக்கு மாதிரியாகக் கொடுத்தது. ஒவ்வொரு படத்திலும் வரும் சிறு பிசகு அடுத்ததற்குப் போய்ச் சேர்ந்தது. எட்டாம் பக்கத்தில் பின்னல் தடித்து, கயலுக்குப் பத்து வயது ஆகியிருந்தது. எந்தப் பக்கமானாலும் முதல் மாதிரிப் படத்துக்கே திரும்பிப் போனால் இது பெருமளவு குறையும். ஆனாலும் முதுகைக் காட்டி நிற்கும் கயலைக் கேட்டால், முன்பக்கம் மட்டும் தெரியும் மாதிரியில் அதற்கான தகவலே இல்லை. கருவி ஊகித்துத்தான் வரையும்.

இரண்டாம் வழி லோரா. படம் உருவாக்கும் பெரிய ஏஐ மாதிரியோடு ஒட்டவைக்கும் ஒரு சிறிய கோப்பு அது. பெரிய மாதிரி மாறாது. கயல் யாரென்று இந்தக் கோப்புத்தான் சொல்லிக் கொடுக்கும். என் அக்கா கையால் வரைந்த 22 படங்களை வைத்துப் பயிற்றினேன். முன், பின், பக்கவாட்டு, இருப்பது, ஓடுவது, அழுவது என எல்லாம் இருந்தன. பின்னணியும் படத்துக்குப் படம் வேறாக இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் கடல் இருந்தால் வகுப்பறையிலும் கடல் வரும்.

ஒவ்வொரு படத்துக்கும் எழுதும் குறிப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. குறிப்பில் நீங்கள் சொல்வதைக் கருவி தனியாகப் பிரித்துக் கற்கும், அதைப் பிறகு மாற்றலாம். சொல்லாமல் விடுவது கயலுக்கு நான் வைத்த kayalv1 என்ற பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் சீருடையை எழுதினேன். ரிப்பனையும் மச்சத்தையும் எழுதவே இல்லை.

```
kayalv1 girl, white school uniform, running, side view, beach
```

வீட்டு உடுப்பில் வந்தபோதும் ரிப்பன் சிவப்பாகவே இருந்தது. ஆனால் முதல் பயிற்சியில் வேறொன்று கெட்டது. ஆறு வயதுப் பெறாமகள் படங்களைப் புரட்டிவிட்டு, "சித்தி, இது கயல் இல்லை. மச்சம் மற்றப் பக்கம் கிடக்கு" என்றாள். `flip_aug` என்ற அமைப்பை நான் இயக்கி விட்டிருந்தேன். அது பயிற்சிப் படங்களை இடவலமாகத் திருப்பியும் காட்டும். இரு பக்கமும் ஒரேமாதிரியான முகத்துக்குச் சரி, ஒரு கன்னத்தில் மட்டும் மச்சம் உள்ளவளுக்குச் சரிவராது. நிறுத்திவிட்டு மறுபடி பயிற்றினேன்.

பயிற்சி கூடிப்போனாலும் கெடும். முதுகு காட்டச் சொல்லியும் கயல் நம்மையே பார்த்தால் அதுதான் அடையாளம். ஒவ்வொரு பயிற்சிச் சுற்றின் கோப்பையும் தனியாகச் சேமித்து, எல்லாவற்றுக்கும் படத்தின் தற்செயலான தொடக்கத்தைத் தீர்மானிக்கும் seed எண் ஒன்றையே கொடுத்து, ஒரே கேள்வியையும் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். கடைசிச் சுற்றைவிட ஏழாவது சுற்றே நன்றாக இருந்தது. அதையும் முழு வலுவில் வைக்காமல் 0.8இல் வைத்தேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது இது எதுவுமல்ல, பிறகு வரும் திருத்தவேலை. புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில், 17ஆம் பக்கத்தில் கயலின் கையில் ஆறு விரல் இருப்பதைக் கண்டோம். அந்தப் பக்கத்தைச் செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இணையத்தில் இயங்கும் கருவிகளை நடத்துபவர்கள் இடையில் புதுப்பித்துவிடுவார்கள்; பழைய மாதிரிப் படத்தையே கொடுத்தாலும் கோடும் நிறமும் வேறாக வரலாம். அப்படி ஒரு பக்கம் மட்டும் மாறினால் மற்ற 23 பக்கங்களோடு அது ஒட்டாது. என்னிடமோ எல்லாம் என் வன்வட்டில் இருந்தன. அதே பெரிய மாதிரி, அதே லோரா, குறித்து வைத்த seed எண். கையை மட்டும் மறைத்து அந்த இடத்தை மீண்டும் வரைய வைத்தேன். முகத்தில் ஒரு புள்ளிகூட அசையவில்லை. லோரா கோப்பை மட்டும் வைத்திருந்தால் இது நடக்காது. அது பயின்ற பெரிய மாதிரியின் அதே பதிப்பும் கூடவே இருக்க வேண்டும்.

ஒரு படத்தில் இரண்டு பாத்திரம் வரும்போது லோரா எனக்குக் கைகொடுக்கவில்லை. தம்பியின் கன்னத்திலும் மச்சம் ஏறியது. இருவரையும் தனித்தனியே உருவாக்கி ஒட்டினேன். மூன்று பேர் வரும் காட்சியை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை. அதற்கு மாதிரிப் படமே மேலாக இருக்கலாம்.