எஃப்ஸ்பையோடு ஆறு வருடம்: சைட் போட்டோவில் மாடியை உட்கார வைத்த அனுபவம்

மதுரைப் பக்கம் வீட்டு வேலைகளுக்கு 3டி வியூ செய்து கொடுக்கிறேன். இஞ்சினியர் அனுப்பும் பிளானை பிளெண்டரில் மாடலாக்குவேன். வீட்டுக்காரர் அதைத் தன் தெருவிலேயே பார்க்க ஆசைப்பட்டால், சைட்டில் எடுத்த போட்டோவுக்குள் அந்த மாடலை உட்கார வைக்க வேண்டும். அதற்குப் போட்டோ எடுத்த போன் எங்கே, எவ்வளவு உயரத்தில், எந்தக் கோணத்தில் இருந்ததோ, பிளெண்டருக்குள் இருக்கும் கேமராவும் அப்படியே நிற்க வேண்டும். 2019 முதல் இந்த வேலைக்கு நான் நம்பியிருப்பது எஃப்ஸ்பை என்ற இலவச மென்பொருளை. முன்பு பிளெண்டருக்குள் பிளாம் என்ற ஆட்-ஆன் ஒன்று இருந்தது, அதை எழுதியவரே பிறகு எஃப்ஸ்பையைத் தனி மென்பொருளாகச் செய்தார்.

அது செய்வது ஒரே வேலைதான். போட்டோவைத் திறந்து, முகப்புச் சுவரில் கிடைமட்டமாக ஓடும் இரண்டு விளிம்புகள் மேல் இரண்டு கோடுகளை வைக்கிறோம். பக்கச் சுவருக்கும் அதேபோல் இரண்டு. ஒவ்வொரு ஜோடியும் நீட்டினால் ஒரு புள்ளியில் சேரும், அந்த இரண்டு மறைபுள்ளிகளிலிருந்து லென்ஸின் குவியதூரத்தையும் கேமராவின் திசையையும் கணக்கிட்டுவிடும். தெரிந்த ஒரு நீளத்தைக் கொடுத்தால் அளவும் வந்துவிடும். பிளெண்டரில் அதற்கான ஆட்-ஆனைப் போட்டுக்கொண்டு `File > Import > fSpy` கொடுத்தால் கேமரா, பின்னணிப் படம் எல்லாம் தயாராக நிற்கும். கோடுகளைத் திருத்தி மறுபடி இறக்கும்போது பழைய கேமராவையே புதுப்பிக்கச் சொல்லலாம். இந்த ஒரு வசதி எனக்கு எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

கோடு வைப்பதில் பழக்கத்தால் வந்த பாடம் ஒன்று உண்டு. நம் கண் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விளிம்புகள் போட்டோவில் கிட்டத்தட்ட மட்டமாகவே ஓடும். ஜன்னல் அடிக்கட்டையையும் காம்பவுண்டு சுவர் தலையையும் ஜோடி சேர்த்தால், இரண்டு பிக்ஸல் தவறினாலும் மறைபுள்ளி எங்கேயோ போய்விடும். ஒரு கோடு கைப்பிடிச் சுவரின் உச்சியிலும், மற்றது பேஸ்மட்டத்தின் அடியிலும் இருந்தால் கணக்கு நிலையாக நிற்கும். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினால் அந்த இடம் மட்டும் பெரிதாகத் தெரியும். அது இல்லாமல் நான் ஒரு கோட்டையும் வைப்பதில்லை.

இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு மூலை வீடு வந்தது. இரண்டு தெரு சேரும் இடம். கீழ்த்தளம் ஏற்கெனவே குடியிருக்கும் வீடு, மேலே ஒரு மாடி எடுக்கப் போகிறார்கள். முகப்பு 30 அடி, பக்கவாட்டு 42 அடி, தரையிலிருந்து தளத்தின் மேல்மட்டம் 11 அடி. எதிர் மூலையில் நின்று, போனைச் சாய்க்காமல் பிடித்து, இரண்டு சுவரும் தெரிகிற மாதிரி எடுத்தேன். வீட்டு மூலையிலிருந்து நான் நின்ற இடம் 40 அடி.

நான்கு கோடும் விளிம்புகள் மேல் கச்சிதமாகப் படிந்தன. முகப்பின் 30 அடியை அளவாகக் கொடுத்து பிளெண்டரில் இறக்கினேன். சரிபார்க்கலாம் என்று கீழ்த்தளத்தை ஒரு பெட்டியாக வரைந்தேன், முகப்பு அப்படியே பொருந்தியது. ஆனால் மூலையில் பெட்டியின் தலை, உண்மையான தளத்தைவிட எட்டு அங்குலம் கீழே நின்றது. பக்கச் சுவரும் பின்மூலையைத் தொடாமல் ஒரு அடிக்கு மேல் முன்னாலேயே முடிந்தது. அன்றைக்கு நான் செய்த தப்பு, பெட்டியை இழுத்துப் பொருத்தியது. உயரத்தைக் கொஞ்சம் ஏற்றி, நீளத்தைக் கொஞ்சம் கூட்டி, அதன் மேல் மாடியை வைத்து அனுப்பிவிட்டேன். இஞ்சினியர் ஒரே வரியில் பதில் போட்டார்: "தம்பி, ஜன்னலெல்லாம் சப்பையா தெரியுதே, 4 அடி உயரம்தானே கொடுத்திருக்கேன்?" அவர் சொன்னது சரி. இழுத்தது பெட்டியை மட்டும்தான். மேலே வந்த ஜன்னல், கைப்பிடிச் சுவர் எல்லாம் பிளான் அளவில் இருந்ததால் கீழ்த்தள ஜன்னலோடு ஒப்பிடும்போது குள்ளமாகத் தெரிந்தன.

காரணம் கண்டுபிடிக்க லென்ஸிலிருந்து ஆரம்பித்தேன். போட்டோ கோப்பிலேயே அந்த விவரம் இருக்கும்:

```
exiftool -FocalLengthIn35mmFormat site.jpg
```

26 மி.மீ. என்று வந்தது. இதை அப்படியே பிளெண்டர் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. பெரும்பாலான போன்களில் இந்த எண், படத்தின் மூலைவிட்டத்தை வைத்துக் கணக்கிட்டது. போன் படம் 4:3, பிளெண்டரின் வழக்கமான சென்சார் அகலமோ 36 மி.மீ. அதே மூலைவிட்டத்துக்கு 4:3 படத்தின் அகலம் 34.6 மி.மீ. தான் வரும். ஆகவே 26-ஐ 36-ஆல் பெருக்கி 34.6-ஆல் வகுத்தால் 27 மி.மீ. அதுதான் பிளெண்டரில் எதிர்பார்க்க வேண்டிய எண். எஃப்ஸ்பை கொடுத்திருந்ததோ 24.6.

இரண்டரை மி.மீ. வித்தியாசம் கோடு வைப்பதில் வந்த தவறாக இருக்க முடியாது. சைட்டுக்குப் போய் மொட்டை மாடியில் ஏறி, மூலையிலிருந்து ஒரு கைப்பிடிச் சுவரில் 6 அடியும் மற்றதில் 8 அடியும் குறித்து, குறுக்கே டேப் பிடித்தேன். மூலைமட்டம் சரியாக இருந்தால் 10 அடி வர வேண்டும். 9 அடி 7 அங்குலம்தான் வந்தது. அதாவது மூலை 90 டிகிரி இல்லை, 85. பக்கத் தெரு கொஞ்சம் சாய்வாக ஓடுகிறது, வீட்டைக் கட்டியவர்கள் தெருவை ஒட்டியே சுவரை எழுப்பியிருக்கிறார்கள்.

எஃப்ஸ்பையின் முழுக் கணக்கும் அந்த இரண்டு திசைகள் செங்குத்து என்ற அனுமானத்தில்தான் நிற்கிறது. இந்தப் படத்தில் அதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். படம் 4000 பிக்ஸல் அகலம். போனைச் சாய்க்காததால் தொடுவானம் படத்தின் நடுவில் போகிறது. அப்படி இருந்தால், நடுப்புள்ளியிலிருந்து இரண்டு மறைபுள்ளிகளின் தூரத்தையும் பெருக்கினால் குவியதூரத்தின் வர்க்கம் வரும். முகப்பின் மறைபுள்ளி இடப்பக்கம் 2000 பிக்ஸலில் இருந்தது. மூலை 90 டிகிரியாக இருந்தால் மற்றது வலப்பக்கம் 4500-ல் இருந்திருக்கும்:

```
f = √(2000 × 4500) = 3000 px → 3000/4000 × 36 = 27.0 mm
f = √(2000 × 3746) = 2737 px → 2737/4000 × 36 = 24.6 mm
```

85 டிகிரிச் சுவருக்கு அது 3746-லேயே விழுந்துவிட்டது. லென்ஸ் அகலமாகிவிட்டதாக மென்பொருள் நினைத்து, கேமராவை மூலைக்குப் பக்கத்தில் 38 அடி 10 அங்குலத்தில் நிறுத்திவிட்டது. உயரம் ஆறு சதவீதம் குறைந்ததற்கும் பக்கச் சுவர் எட்டாமல் போனதற்கும் காரணம் அதுதான். கோடுகள் விளிம்பின் மேல் படிந்தது எதையும் நிரூபிக்கவில்லை. நாமே வைத்த கோடுகள் நாம் வைத்த இடத்தில்தானே இருக்கும்!

அப்புறம் செய்தது எளிது. எஃப்ஸ்பையில் ஒரு மறைபுள்ளி முறைக்கு மாறினேன். அதில் குவியதூரத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்: சென்சார் 36 × 27, குவியதூரம் 27. முகப்புச் சுவரின் இரண்டு கோடு, தொடுவானத்தின் சாய்வு, அவ்வளவுதான். மாடலில் பக்கச் சுவரை 85 டிகிரியில் திருப்பி வரைந்தேன். பெட்டியை எங்கும் இழுக்காமலே தளமட்டமும் பின்மூலையும் போட்டோவில் போய் உட்கார்ந்தன.

அன்றிலிருந்து கோடு வைக்கப் பயன்படுத்தாத விஷயங்களை வைத்துத்தான் சரிபார்க்கிறேன். முதலில் குவியதூரம். அடுத்து கேமராவின் உயரம்: நான் போனைப் பிடிப்பது 5 அடி 1 அங்குலத்தில், அந்தத் தவறான கேமரா 5 அடி 5 அங்குலத்தில் இருந்தது. அன்றைக்கே பார்த்திருந்தால் பிடித்திருப்பேன். மூன்றாவது, நின்ற இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு மூலை வரை டேப் பிடிக்கிறேன். பிளெண்டரில் அந்தத் தூரம் அரை அடிக்குள் வந்தால்தான் மேற்கொண்டு வேலை.

எஃப்ஸ்பையின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். லென்ஸ் வளைவை அது கணக்கில் எடுப்பதில்லை. போனின் 0.5 அகலக் கேமராவில் எடுத்த படத்தில், ஓரத்தில் இருக்கும் இ.பி. கம்பத்தின் மேல் முனையிலிருந்து கீழ் முனைக்கு ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். நடுவில் கம்பம் கோட்டை விட்டு வெளியே பிதுங்கினால் அந்தப் படம் வேண்டாம். வெட்டிய படமும் அப்படித்தான், லென்ஸின் மையம் படத்தின் நடுவில் இருக்காது. மையத்தை மூன்றாவது மறைபுள்ளியிலிருந்து எடுக்கும் வழி அதில் இருக்கிறது. ஆனால் செங்குத்து விளிம்புகள் நன்றாகச் சாய்ந்து தெரிந்தால்தான் அது நம்பும்படி வரும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் லென்ஸ் விவரம் அழிந்துவிடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

கேமரா சரியான பிறகு வெளிச்சம். அந்த மூலை வீட்டில் கீழ்த்தளச் சன்ஷேடின் நிழல் சுவரில் தெளிவாக விழுந்திருந்தது. கீழ்த்தள மாடலின் சன்ஷேடு நிழல் போட்டோவில் இருக்கும் நிழலோடு சேரும் வரை சூரியனைத் திருப்பினேன், அதன் பிறகுதான் அந்த மாடலை, தன் மேல் விழும் நிழலை மட்டும் காட்டும் ஷேடோ கேட்சராக மாற்றினேன். மாடிச் சன்ஷேடுக்கு வேறு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. போட்டோவின் நிறம் வெளிறாமல் இருக்க வியூ டிரான்ஸ்ஃபார்மை `Standard` ஆக்கிவிடுவேன், புது பிளெண்டரில் வழக்கமாக வரும் `AgX` பின்னணிப் படத்தையும் மாற்றிவிடும். வீட்டுக்கு முன்னால் போகும் மின்கம்பிகளைத் தனியாக வெட்டி மாடிக்கு மேல் திரும்ப ஒட்ட வேண்டும். கம்பிகள் மாடிக்குப் பின்னால் போனால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் கண் நம்பாது.

வெற்று மனையில்தான் இன்னும் திணறுகிறேன். கோடு வைக்க ஒன்றும் இருக்காது. மேஸ்திரியிடம் சொல்லி 12-க்கு 16 அடியில் சுண்ணாம்புக் கோடு போடச் சொல்கிறேன், மூலைவிட்டம் 20 அடி வர வேண்டும். எல்லாமே தரையில் படுத்திருக்கும் கோடுகள் என்பதால் இரண்டு மறைபுள்ளி முறையை நம்புவதில்லை. குவியதூரத்தை நானே கொடுத்து, ஒரு மூலையில் 10 அடிச் சவுக்குக் கம்பை நிறுத்தி, அதன் உச்சி பிளெண்டரில் எங்கே விழுகிறது என்று பார்க்கிறேன்.