கெண்டைக்கால் மெலனோமா: 1 செ.மீ. வெட்டா, 2 செ.மீ. வெட்டா?

அம்மாவின் கெண்டைக்காலில் இருந்த மச்சத்தை எடுத்துச் சோதித்ததில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று வந்தது, தடிமன் 1.6 மி.மீ., மேலே புண் இல்லை. மச்சம் போய்விட்டாலும், தழும்பைச் சுற்றி நல்ல தோலையும் சேர்த்து இன்னொரு முறை வெட்ட வேண்டும். 1 மி.மீ. வரை என்றால் சுற்றிலும் 1 செ.மீ. போதும், 2 மி.மீ.க்கு மேல் போனால் 2 செ.மீ. என்பதே வழக்கம். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் 1 முதல் 2 வரை எதுவும் சரி என்று வழிகாட்டுதல்கள் விட்டுவிடுகின்றன. நாங்கள் 1 செ.மீ. எடுத்தோம்.

காரணம், காயத்தை மூடும் விதம். தழும்பு 1 செ.மீ. என்று வையுங்கள். சுற்றிலும் 1 செ.மீ. விட்டால் காயத்தின் அகலம் 3 செ.மீ.; 2 விட்டால் 5 செ.மீ. பரப்பில் இது சுமார் 7 சதுர செ.மீ., 20 சதுர செ.மீ. ஆழம் இரண்டிலும் ஒன்றுதான், தசையின் மேலுறை வரை. 3 செ.மீ. காயத்தைப் பெரும்பாலும் இழுத்துத் தைத்துவிடலாம். 5 செ.மீ. என்றால் கெண்டைக்காலில் அந்த அளவுக்குத் தோல் இழுபடாது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டி வரலாம். அப்புறம் இரண்டு காயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டிய தோலுக்கு அடியில் ரத்தம் தேங்கினால் அது பிடிக்காமல் கறுத்துப்போகும். பிடித்தாலும் பள்ளம் நிற்கும்.

2 செ.மீ. பக்கமும் நியாயம் இருக்கிறது. 2 மி.மீ.க்கு மேல் தடித்த கட்டிகளில் 1 செ.மீ.யையும் 3 செ.மீ.யையும் ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வில், குறைவாக வெட்டியவர்களுக்கே அந்த இடத்திலும் அருகிலுள்ள நிணநீர்க்கணுக்களிலும் நோய் அதிகம் திரும்பியது. 1.9 மி.மீ., மேலே புண்ணும் உண்டு என்றிருந்தால் நானே 2 கேட்டிருப்பேன். உள்ளங்கால் கட்டிக்கு என் கணக்கைப் பொருத்த வேண்டாம். அங்கே தோலும் வேறு, நடையும் அதன் மேல்தான்.

காவல் நிணநீர்க்கணுச் சோதனையை இரண்டு வழியிலும் விடக்கூடாது. தழும்பருகே கதிரியக்க மருந்தையும் நீலச் சாயத்தையும் செலுத்தி, அவை முதலில் போய்ச் சேரும் தொடையிடுக்குக் கணுவை மட்டும் எடுத்து, புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இதையும் அகல வெட்டையும் ஒரே அறுவையில் செய்யச் சொல்லுங்கள். முதலில் வெட்டிவிட்டால் நிணநீர்ப் பாதைகள் அறுபட்டு, பிறகு தேடுவது சரியான கணுவா என்ற சந்தேகம் வரும்.

அந்தக் கணுவில் புற்று இருந்தாலும் மீதிக் கணுக்களை உடனே வழித்தெடுக்கத் தேவையில்லை. 2017இல் வந்த பெரிய ஆய்வில், வழித்தெடுத்தவர்களும் அல்ட்ராசவுண்டில் கண்காணிக்கப்பட்டவர்களும் 3 ஆண்டுகளில் ஒரே அளவில் பிழைத்திருந்தார்கள். நிணநீர் வீக்கமோ முதல் குழுவில் 24 சதவீதம், இரண்டாவதில் 6.

அறுவைக்குப் பிறகு வரும் அறிக்கையில் விளிம்பு 8 மி.மீ. என்று இருந்தால் பதற வேண்டாம். 1 செ.மீ. என்பது வெட்டும் முன் தோலில் அளந்து கோடு போட்ட கணக்கு. வெட்டிய தோல் சுருங்கிவிடும்.