யேகோவா யேகேயா? குவாண்டோவும் பாரா கேயும்

ஸ்பானிஷ் படிக்கேக்க நான் கனநாள் குழம்பினது, "எப்ப, வரேக்க" எண்டு நேரம் சொல்லுற குவாண்டோவுக்குப் பிறகு எந்த வினை வடிவம் வரும் எண்டதுலதான். "குவாண்டோ யேகோ அ கல்லடி, தே யாமோ" எண்டா கல்லடிக்கு வாற நேரமெல்லாம் உனக்கு கோல் எடுக்கிறனான், அது நடந்துகொண்டிருக்கிற பழக்கம், அதால சாதாரண வினை. "குவாண்டோ யேகே அ கல்லடி, தே யாமாரே" எண்டா இனித்தான் வரப்போறன், பஸ் இன்னும் பாலத்துக்கே வரேல்ல, நடக்காததை நடந்ததெண்டு சொல்லேலாதுதானே, அதுக்குத்தான் சப்ஜங்டிவ், நடந்ததெண்டு உறுதியாச் சொல்லாத வினை வடிவம். நம்மட "வந்தா எடுப்பன்"லயும் அந்த "வந்தா" எதிர்காலம் காட்டாது, அதை நினைச்சா லேசு. நான் விட்ட பிழை "குவாண்டோ யேகாரே", எதிர்காலம்தானே எண்டு ஃபியூச்சரை அங்கயே போட்டது. ஃபியூச்சர் மற்றப் பாதியில, யாமாரேலதான் வரும். "எப்ப வருவாய்?" எண்டு நேரா கேக்கிற குவாண்டோ வேற, அதுக்கு ஃபியூச்சர் சரி.

"இன்னொராள் செய்யிறதுக்காக" எண்டு வாற பாரா கேயில இந்தத் தெரிவே இல்ல, எப்பவும் சப்ஜங்டிவ். "தே தோய் தினேரோ பாரா கே கோம்ப்ரெஸ் பான்", பாண் வாங்கச் சொல்லி காசு தாறன், வாங்கிறது காசு குடுத்ததுக்குப் பிறகுதானே. நேத்துக் குடுத்த காசெண்டாலும் சப்ஜங்டிவ்தான், இறந்தகால வடிவம், கோம்ப்ராராஸ். நானே வாங்கிறதுக்கெண்டா கே வேணாம், பாரா கோம்ப்ரார் போதும்.