வெள்ளிக்கிழமை ரேட்டில் சனிக்கிழமை பில்: தங்கம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

6,460 ரூபாய். இவ்வளவு பணத்தை ஒரு நகைக்கடை எங்களிடம் அதிகமாக வாங்கிக்கொண்டு, தவறு என்று தெரிந்த பிறகும் திருப்பித் தர மாட்டேன் என்கிறது. கடையின் பெயரை இப்போது எழுதவில்லை. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பல மாடி வைத்து நடத்தும் பெரிய கடை, அது போதும். நடந்ததை எழுதிவிட்டு, பில்லை எப்படிச் சரிபார்ப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

சின்ன மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். 5 சவரனில் ஆரம் எடுக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனோம். பெரியவள் கல்யாணத்துக்குத் தாலிக்கொடி எடுத்ததும் அங்கேதான், அதே விற்பனையாளர்தான். சரியாக 40 கிராமில் ஒரு ஆரம் பிடித்தது. சேதாரம் 14 சதவீதம் என்றார். எடுத்து வையுங்கள், வீட்டில் பேசிவிட்டு வருகிறோம் என்று சொல்லி, எஸ்டிமேட் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. அன்றைய ரேட் கிராம் 9,150.

மறுநாள் காலையில் விலை இறங்கிவிட்டது. கிராமுக்கு 140 ரூபாய் குறைந்து 9,010. அதனால்தான் அன்றைக்கே வாங்கிவிடலாம் என்று போனோம். கடை வாசலில் இருந்த ரேட் போர்டைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன்.

உள்ளே போனதும் பேச்செல்லாம் சேதாரத்தைப் பற்றித்தான். 14-ல் இருந்து 13, அப்புறம் மேனேஜரிடம் எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்து, "உங்களுக்காக 12 போட்டிருக்கேன்க்கா, வெளியில சொல்லிடாதீங்க" என்றார். பில் போடும் முன் நானே கேட்டேன்: "தம்பி, இன்னைக்கு ரேட்தானே?" அவர் முகத்தில் ஒரு தயக்கமும் இல்லை. "அதெல்லாம் சிஸ்டமே எடுத்துக்கும்க்கா, நம்ம கடையில அந்தப் பிரச்சினையே வராது." இத்தனை வருடம் பழகிய மனிதர் வாயால் சொன்னது. நம்பினோம். பணத்தை வங்கி மூலம் அனுப்பினோம், நகையை வாங்கினோம், வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

ராத்திரி என் தம்பி பில்லைக் கையில் வாங்கிப் பார்த்தவன், "அக்கா, ரேட் 9,150 போட்டிருக்கே, இன்னைக்கு 9,010 தானே?" என்றான். பில் தேதி சனிக்கிழமை, ரேட் வெள்ளிக்கிழமையுடையது. காரணமும் பில்லிலேயே இருந்தது. எஸ்டிமேட் எண் என்று அச்சாகியிருந்த எண், வெள்ளிக்கிழமை கொடுத்த சீட்டின் எண். பழைய எஸ்டிமேட்டைத் திறந்து, சேதாரத்தை மட்டும் 12 என்று மாற்றி, ரேட்டைத் தொடாமல் பில் அடித்திருக்கிறார்கள்.

கிராமுக்கு 140 என்றால் 40 கிராமுக்கு 5,600 தானே என்று தோன்றும். அது முழுக் கணக்கு இல்லை. சேதாரத்தைத் தங்கத்தின் மதிப்பில்தான் சதவீதமாகப் போடுகிறார்கள். ரேட் ஏறினால் சேதாரமும் சேர்ந்து ஏறும். இரண்டையும் கூட்டி, அதன் மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 5,600 ரூபாய் சேதாரத்தோடு 6,272 ஆகிறது, வரியோடு 6,460 ஆகிறது. ஹால்மார்க் கட்டணம் இரண்டு நாளும் ஒன்றுதான், அதில் மாற்றமில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். விற்பனையாளர் சொன்னது: "சாயங்காலம் ரேட் மாறிடுச்சுக்கா." ஒரே நாளில் ரேட் இரண்டு தடவை மாறுவது உண்டு, அது எனக்கும் தெரியும். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15-ல் இருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோது அன்றைக்கே விலை சரிந்ததை எல்லாரும் பார்த்தோம். ஆனால் சாயங்காலம் மாறிய ரேட் முந்தைய நாள் ரேட்டோடு ரூபாய் பிசகாமல் எப்படிப் பொருந்தும்? ஞாயிற்றுக்கிழமை பேப்பரிலும் சனிக்கிழமை ரேட் 9,010 என்றுதான் இருந்தது.

நேரில் போனதும் பதில் மாறியது. நாங்கள் வெள்ளிக்கிழமையே "புக்" செய்துவிட்டோமாம். முன்பணம் எங்கே, ரசீது எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. அவர்கள் கொடுத்த சீட்டின் அடியிலேயே "இந்த மதிப்பீடு இன்று மட்டும்" என்று அச்சடித்திருக்கிறது. சனிக்கிழமை விலை ஏறியிருந்தால் வெள்ளிக்கிழமை ரேட்டுக்குக் கொடுத்திருப்பார்களா? இதைத்தான் மேனேஜரிடமும் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், சேதாரத்தில் 2 சதவீதம் குறைத்ததில் எல்லாம் சரியாகிவிட்டது என்றார். பேரம் பேசி முடித்த ஒரு விஷயத்தை எடுத்து இன்னொரு தவறை மூடப் பார்க்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

கேஷியர் வேறு கதை சொன்னார். ஜிஎஸ்டி பில் அடித்தால் திருத்த முடியாதாம். பொய். வரி விதிப்பு மதிப்பை அதிகமாகப் போட்டுவிட்டால் விற்றவர் கிரெடிட் நோட் கொடுத்துச் சரிசெய்யலாம் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 34-வது பிரிவே சொல்கிறது. தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் தம்பி இதைச் சொன்னதும் பேச்சு நின்றது. அடுத்து, 5,600 ரூபாய்க்குக் கூப்பன் தருகிறோம், அடுத்த முறை நகை வாங்கும்போது கழித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். என் பணத்தை வாங்க நான் இன்னொரு நகை வாங்க வேண்டுமா? அதிலும் சேதாரமும் வரியுமாகப் போன 860 ரூபாய் எங்கே? முதலாளி வெளியூரில் இருக்கிறார், வந்ததும் அவரே பேசுவார் என்றார்கள். இன்றுவரை போன் வரவில்லை.

இன்று காலை ஸ்பீடு போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிய கடிதம் இது. பெயர், எண்களை எடுத்துவிட்டுப் போடுகிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: பில்லில் தவறான நாளின் தங்க விலை போட்டது, கூடுதலாகப் பெற்ற ரூ.6,460.16-ஐத் திருப்பித் தரக் கோருதல்.

கடந்த சனிக்கிழமை தங்கள் கடையில் 22 காரட் தங்க ஆரம் ஒன்று, நிகர எடை 40 கிராம், வாங்கினேன். அன்று தங்கள் கடை வாசலில் எழுதியிருந்த விலை கிராமுக்கு ரூ.9,010. பில்லில் போடப்பட்டிருப்பது ரூ.9,150. இது முந்தைய நாளின் விலை. முந்தைய நாள் தந்த மதிப்பீட்டின் எண்ணே பில்லிலும் உள்ளது. அந்த மதிப்பீடு அன்று மட்டுமே செல்லும் என்று அதிலேயே அச்சிடப்பட்டுள்ளது. அன்று நான் முன்பணம் எதுவும் செலுத்தவில்லை, விலையை உறுதிசெய்யும் ஒப்பந்தம் எதுவும் இல்லை.

பில்லின்படி தங்கத்தின் மதிப்பு ரூ.3,66,000, சேதாரம் 12 சதவீதம் ரூ.43,920, ஜிஎஸ்டி ரூ.12,297.60, ஆக ரூ.4,22,217.60. சரியான விலையில் தங்கத்தின் மதிப்பு ரூ.3,60,400, சேதாரம் ரூ.43,248, ஜிஎஸ்டி ரூ.12,109.44, ஆக ரூ.4,15,757.44. வித்தியாசம் ரூ.6,460.16. ஹால்மார்க் கட்டணத்தை இரண்டிலும் சேர்க்கவில்லை.

பில் போடும் முன் அன்றைய விலைதானா என்று நான் கேட்டதற்கு, ஆம் என்று தங்கள் விற்பனையாளர் உறுதி கூறினார். ஒப்புக்கொண்ட விலைக்கு மேல் பணம் பெறுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி புகாருக்கு உரியது. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் கிரெடிட் நோட் வழங்கி, முழுத் தொகையையும் என் வங்கிக் கணக்கில் செலுத்தக் கோருகிறேன். கூப்பனோ அடுத்த கொள்முதலில் கழிவோ எனக்குச் சம்மதமில்லை. தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

இணைப்பு: பில், மதிப்பீட்டுச் சீட்டு, விலைப் பலகையின் படம், வங்கிப் பரிமாற்ற விவரம் ஆகியவற்றின் நகல்கள்.

இவ்வளவுதான் கடிதம். இதில் நகை வியாபாரிகள் சங்கம் அறிவித்த விலையை நான் ஆதாரமாகக் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த ரேட்டில்தான் விற்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, "எங்கள் கடை ரேட் வேறு" என்று அவர்கள் தப்பிக்கலாம். அவர்கள் வாசலில் அவர்களே எழுதிய விலையைப் பிடித்தால் அந்த வழி அடைபடும். அந்த வாட்ஸ்அப் படம் மட்டும் இல்லாவிட்டால் இன்று என் கையில் பாதி பலம்கூட இருக்காது.

விரிவாக எழுத நினைத்தேன், பத்திரிகை கொடுக்கக் கிளம்ப வேண்டியிருக்கிறது. அவசரமாகச் சிலது. பணம் கட்டும் முன் பில்லில் ரேட் வரியைப் பாருங்கள், மொத்தத்தைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். ரேட் போர்டைப் படம் எடுங்கள். பழைய எஸ்டிமேட்டில் பில் போட விடாதீர்கள், புதிதாகப் போடச் சொல்லுங்கள். முன்பணம் கட்டி ரேட்டை நிறுத்திவைத்தால், விலை இறங்கினால் எந்த ரேட் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். தவறு நடந்துவிட்டால் கூப்பனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

6,460 ரூபாய் கணக்கில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். வராவிட்டால் ஆணையத்தில் கொடுத்த மனுவைப் போடுகிறேன்.