நான்கு பேங்க் நினைவகப் பலகை: ஆறாண்டுப் பயன்பாட்டில் கண்டவை

நாகர்கோவிலுக்கு அருகே உள்ள பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினிக் கட்டமைப்பு ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவன் நான். மாணவர்களுக்காக நானே பற்றவைத்துச் செய்த நினைவகப் பலகை ஒன்றை ஆறாண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதில் தலா 32 கிலோபைட் கொள்ளளவும் 70 நானோவினாடி அணுகுநேரமும் கொண்ட 62256 வகைச் சிப்புகள் நான்கு இருக்கின்றன. அவற்றை இயக்குவது எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும், உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய ஒரு சிப்; அதன் கடிகாரத் துடிப்பு 20 நானோவினாடி என்பதால், ஒரு சிப்பிலிருந்து ஒரு பைட்டைப் படிக்க நான்கு துடிப்புகள், அதாவது 80 நானோவினாடி ஒதுக்கியிருக்கிறேன்.

ஒரே சிப்பிலிருந்து அடுத்தடுத்த 16 பைட்டுகளைப் படித்தால் 16 × 80 = 1280 நானோவினாடி ஆகும். ஒவ்வொரு பைட்டுக்கும் முகவரியைக் கொடுத்துவிட்டு மூன்று துடிப்புகள் சும்மா காத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்தக் காத்திருப்பை வீணாக்காமல் இருக்க, அடுத்தடுத்த பைட்டுகளை நான்கு சிப்புகளிலும் மாறி மாறி வைப்பதே இன்டர்லீவிங். இதில் ஒவ்வொரு சிப்பும் ஒரு பேங்க்; முகவரியை 4 ஆல் வகுத்து வரும் மீதியே பேங்க் எண்ணாகிறது. ஆகவே 0 ஆம் பைட் முதல் பேங்கிலும், 1 ஆம் பைட் அடுத்ததிலும், 4 ஆம் பைட் மீண்டும் முதல் பேங்கிலும் அமர்கின்றன. முதல் பேங்குக்கு முகவரி கொடுத்த 20 நானோவினாடியில் இரண்டாவதுக்கும், 40 இல் மூன்றாவதுக்கும், 60 இல் நான்காவதுக்கும் முகவரி போய்விடுகிறது. 80 இல் முதல் பைட் வந்து சேரும்போது முதல் பேங்க் ஓய்ந்து அடுத்த முகவரிக்குத் தயாராக இருக்கிறது. அதன் பின் துடிப்புக்கு ஒரு பைட் வருவதால் 16 பைட்டுகளுக்கு 80 + 15 × 20 = 380 நானோவினாடி போதும். வினாடிக்கு 12.5 மெகாபைட்டாக இருந்த வேகம் ஏறத்தாழ 42 ஆகிறது. தொடர் நீள நீள அது 50 ஐ நெருங்கும். எந்தச் சிப்பும் வேகமாகிவிடவில்லை என்பதையும், முதல் பைட்டுக்கான 80 நானோவினாடி அப்படியே இருக்கிறது என்பதையும் மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் வலியுறுத்துகிறேன். தோவாளையில் பூக்கட்டும் வீட்டிலிருந்து வரும் ஒரு மாணவி, நான்கு பேர் சற்று முன்பின்னாகத் தொடங்கி ஆளுக்கொரு சரம் கட்டினால் சரங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும், ஆனால் ஒரு சரம் கட்டும் நேரம் குறையாது என்றாள். அதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல இயலவில்லை.

இதற்கு ஒவ்வொரு சிப்புக்கும் தனி முகவரிக் கம்பிகளும் தனித் தரவுக் கம்பிகளும் வேண்டும், ஏனெனில் படித்து முடியும்வரை அதன் முகவரி மாறக் கூடாது. முதல் ஆண்டில் பேங்கைத் தேர்ந்தெடுக்க முகவரியின் கீழ் இரண்டு பிட்டுகளுக்குப் பதிலாக மேல் இரண்டு பிட்டுகளை இணைத்துவிட்டேன். பலகை பிழையின்றி ஓடியது, வேகம் மட்டும் கூடவில்லை. கம்பிகளில் ஓடும் துடிப்புகளைக் காட்டும் லாஜிக் அனலைசரை மாட்டிப் பார்த்தபோது நான்கு சிப் தேர்வுக் கம்பிகளில் ஒன்று மட்டுமே இடைவிடாமல் இயங்கியது. அடுத்தடுத்த 32 கிலோபைட்டும் ஒரே சிப்பில் விழுந்திருந்தது.

இந்தப் பலகை எனக்குக் கற்பித்த பெரிய பாடம் 64 × 64 அளவுள்ள வள்ளுவர் சிலைப் படம் ஒன்றிலிருந்து கிடைத்தது. வரிசை வரிசையாகப் படித்தபோது முழு வேகம் வந்தது. மேலிருந்து கீழாக ஒரு நிரலைப் படித்தால் இன்டர்லீவிங்கே இல்லாததுபோல் ஆயிற்று. ஒரு நிரலில் ஒவ்வொரு பைட்டும் முந்தையதிலிருந்து 64 முகவரி தள்ளி இருக்கிறது, 64 ஐ 4 ஆல் வகுத்தால் மீதி இல்லை, ஆகவே 64 பைட்டுகளும் ஒரே பேங்கில் வரிசைகட்டி நின்று 5120 நானோவினாடி எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு வரிசையின் இறுதியிலும் பயன்படாத ஒரு பைட்டைச் சேர்த்து வரிசை நீளத்தை 65 ஆக்கினேன். தாண்டல் ஒற்றைப்படையானதால் நிரலின் பைட்டுகள் நான்கு பேங்குகளிலும் சுழன்றன; நேரம் 80 + 63 × 20 = 1340 நானோவினாடியாகக் குறைந்தது. கூடுதலாகச் செலவானது 64 பைட்டுகள் மட்டுமே.

கடற்காற்றின் உப்பு எங்கள் ஊரில் எந்த உலோகத்தையும் விட்டுவைப்பதில்லை. நான்காம் ஆண்டில் மூன்றாவது சிப்பின் சாக்கெட் கால்கள் களிம்பேறித் தொடர்பு விட்டுவிட்டு வந்தது. முகவரியின் மேல் பிட்டுகளால் பிரித்திருந்தால் நினைவகத்தின் கால் பங்கு ஒரே துண்டாகப் பழுதாகியிருக்கும், அதை ஒதுக்கிவிட்டு மீதியைப் பயன்படுத்தியிருக்கலாம். இன்டர்லீவிங்கில் ஒவ்வொரு நான்காவது பைட்டும் கெடுவதால் ஒதுக்க வழியில்லை. ஆனால் கண்டுபிடிப்பது எளிது: 64 அகலப் படத்தில் நான்கு நிரலுக்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகள் தெரிந்தன, 65 அகலத்தில் அதே கோடுகள் சாய்ந்து ஓடின. சாக்கெட்டை மாற்றியதும் கோடுகள் மறைந்தன.