ஒரு மின்னஞ்சல், மூன்று திருத்தங்கள்

ஆத்தங்குடியில் கையால் தரைக்கல் வார்க்கும் பட்டறை ஒன்றை என் மைத்துனர் நடத்துகிறார். வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு அவர் எழுதும் மின்னஞ்சல்களை, அனுப்புவதற்கு முன் நான் ஒருமுறை பார்த்துக் கொடுப்பது வழக்கம். சென்ற ஐப்பசி மழையில் சரக்கு ஒன்று தாமதமானபோது, கோயம்புத்தூரில் வீடு கட்டும் ஓர் அம்மையாருக்கு அவர் எழுதிய வரைவு இது:

“அம்மா வணக்கம். உங்க கூடத்துக்கு 600 கல்லும் போட்டாச்சு. ஆனா மழை விடலை, தொட்டியிலேர்ந்து எடுத்த கல் காயலை. ஈரத்தோட பதிச்சா உங்க தரைதான் உப்புப் பூக்கும். அதனால நான்தான் அனுப்பாம நிறுத்தி வச்சிருக்கேன். பத்து நாள் பொருத்துக்குங்க.”

இதை அப்படியே அனுப்ப அவருக்குக் கூச்சமாக இருந்தது. எனவே மூன்று வழிகளில் திருத்திப் பார்த்தோம்.

முதல் வழி, அலுவலகங்களில் புழங்கும் மாதிரிக் கடிதத்தில் இதை அடைப்பது. “தவிர்க்க இயலாத காரணங்களால் தாங்கள் கோரிய பொருட்களை உரிய காலத்தில் அனுப்ப இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்” என்று அது முடிந்தது. மழையும் ஈரமும் பத்து நாள் கணக்கும் அதில் இல்லை. பட்டறையின் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால், சிமெண்டுக் கடையோ துணிக்கடையோ அனுப்பியது என்றே எவரும் நினைப்பர். வரிவிதிப்பு அலுவலகத்துக்கோ வங்கிக்கோ எழுதும்போது மாதிரிக் கடிதமே நல்லது, ஏனெனில் அங்கே படிப்பவர் தேடுவது எண்ணையும் தேதியையும் மட்டுமே. தன் வீட்டுத் தரைக்காகக் காத்திருப்பவருக்கு அது போதாது.

இரண்டாவது வழி, தமிழ் நன்கறிந்த நண்பர் ஒருவரிடம் கொடுத்தது. அவர் திருத்தியதில் ஒரு பிழைகூட இல்லை, காரணமும் விடுபடவில்லை. ஆயினும் “ஈரத்தன்மையுடன் பதிக்கப்படுமாயின் தரைப்பரப்பில் உப்புப் படிவு தோன்றக்கூடும் என்பதால், அனுப்பும் பணி நிறுத்திவைக்கப்பட்டுள்ளது” என்ற வாக்கியத்தை என் மைத்துனர் படித்துவிட்டு, “யார் நிறுத்தினது?” என்று கேட்டார். இந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. தமிழில் எழுதுபவரின் குரல் பெரிய சொற்களில் இருப்பதைவிட ‘தான்’, ‘உம்’, ‘ஏ’ போன்ற சிறு ஒட்டுகளிலும், வினையின் இறுதியில் நிற்கும் ‘ஏன்’, ‘ஓம்’ விகுதிகளிலுமே மிகுதியாக இருக்கிறது. ‘நான்தான்’ என்பதை எடுத்துவிட்டு ‘பட்டுள்ளது’ என்று முடித்தபோது, நட்டம் தனக்கானாலும் ஈரக்கல்லை அனுப்பமாட்டேன் என்று நின்ற மனிதர் அந்தக் கடிதத்திலிருந்து மறைந்துபோனார். எழுதியவர் பக்கத்தில் இல்லாமல் பிறர் திருத்தும்போது இந்த ஒட்டுகளே முதலில் உதிர்கின்றன, ஏனெனில் இலக்கணப்படி அவை இல்லாமலும் வாக்கியம் நிற்கும்.

மூன்றாவது, வரைவை ஒரு மணி நேரம் ஆறப்போட்டு, அவரையே வாய்விட்டுப் படிக்கச் செய்து, அவர் சொல்லச் சொல்லத் திருத்துவது. பேச்சு விகுதிகளை எழுத்துக்கு மாற்றினோம்: ‘காயலை’ ‘காயவில்லை’ ஆயிற்று, ‘வச்சிருக்கேன்’ ‘வைத்திருக்கிறேன்’ ஆயிற்று. ‘உப்புப் பூக்கும்’ பட்டறைச் சொல், அதைத் தொடவில்லை. படிக்கும்போது மூச்சு முட்டிய இடம் ஒன்றுமில்லை. ஆனால் தாமதச் செய்தி கடைசி வரியில் கிடப்பதை அவரே கண்டுகொண்டார். கொத்தனாருக்கு நாள் குறிப்பவருக்கு அதுதான் முதலில் தெரியவேண்டும் என்று அதை மேலே ஏற்றினார்.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. ‘பொருத்துக்குங்க’ என்ற பிழை மூன்று முறை படித்தும் எங்கள் காதில் படவில்லை. நம் பேச்சில் ‘ரு’வும் ‘று’வும் ஒன்றாகவே ஒலிப்பதால், கல்லைப் பொருத்துவதும் காலம் பொறுப்பதும் காதுக்கு ஒன்றே. ஆகவே இறுதியில் ர-ற, ன-ண, ல-ள ஆகிய எழுத்துகளுக்காகவே கண்ணால் இன்னொரு முறை பார்த்தோம். இந்த ஒரு வேலைக்கு அந்த நண்பரின் கண் எங்களுடையதைவிட நல்லது. அவரிடம் “எழுத்துப்பிழையை மட்டும் வட்டமிடுங்கள், வாக்கியத்தை மாற்றவேண்டாம்” என்று சொல்லிக் கொடுப்பதே முறை என்பது என் கருத்து.

அனுப்பிய கடிதம் இவ்வாறு அமைந்தது:

“அம்மா, வணக்கம். உங்கள் கல் வருவதற்கு இன்னும் பத்து நாள் ஆகும். கொத்தனாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். 600 கல்லும் போட்டாயிற்று. ஆனால் மழை விடவில்லை, தொட்டியிலிருந்து எடுத்த கல் காயவில்லை. ஈரத்தோடு பதித்தால் உங்கள் தரைதான் உப்புப் பூக்கும். அதனால் நான்தான் அனுப்பாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.”

தலைப்பு வரியில் முதலில் ‘சரக்கு தொடர்பாக’ என்று இருந்தது. அதை அவர் ‘கூடத்துக் கல் பத்து நாள் தாமதம்’ என்று மாற்றிய பிறகே அனுப்பினார்.