பீன்ஸ் ஃப்ரீசருக்கு: பச்சையாவா, கொதிதண்ணியா, இட்லி சட்டி ஆவியா?

சூரமங்கலம் உழவர் சந்தையில பீன்ஸ் மலிவா கிடைச்சா ரெண்டு மூணு கிலோ அள்ளிட்டு வந்துடுவோம், அப்புறம் ஃப்ரீசர்ல எப்படி போடறதுன்னு எங்க வீட்டுல பஞ்சாயத்து. என் நாத்தனாருக்கு அப்படியே நறுக்கி கவர்ல போட்டாலே போதும், எனக்கு கொதிதண்ணில போட்டு எடுக்கணும், ஏற்காட்டுல இருக்கற அத்தைக்கு எதுவா இருந்தாலும் இட்லி சட்டிதான்.

பச்சையா போடறது வேலை மிச்சம், அதுல பொய்யில்ல. ஆனா காயில இருக்கற என்சைம் குளிர்ல மெதுவாகுமே தவிர சாகாது, ஃப்ரீசருக்குள்ளயும் வேலை பாத்துக்கிட்டேதான் இருக்கும். ரெண்டு வாரத்துக்குள்ள சமைச்சிட்டா பெருசா தெரியாது, மாசக்கணக்கா வச்சீங்கன்னா பச்சை மங்கி கவர தொறந்ததும் காஞ்ச வைக்கோல் வாசம் அடிக்கும், பொரியல் பண்ணா நார்நாரா வரும். வெங்காயம், குடமிளகாய்க்கு மட்டும் நாத்தனார் சொல்றது சரி, அதுங்கள பச்சையாவே போடலாம்.

கொதிதண்ணி கணக்குக்கு வருவோம். அரை கிலோ பீன்ஸுக்கு சுமார் 4 லிட்டர் தண்ணி. தளதளன்னு கொதிக்கும்போது காய போட்டா கொதி அடங்கும், ஒரு நிமிஷத்துக்குள்ள மறுபடி கொதிக்கணும், அந்த ரெண்டாவது கொதில இருந்துதான் 3 நிமிஷம் எண்ணணும். ஒரு நிமிஷம் தாண்டியும் கொதி வரலன்னா காய் அதிகம்னு அர்த்தம், நம்ம வீட்டு கேஸ் அடுப்புக்கு கால் கிலோ கால் கிலோவா போடறதுதான் தோது. இதுல அரைகுறையா எடுக்கறது பச்சையா போடறத விட மோசம், ஏன்னா லேசான சூடு அந்த என்சைம கிளப்பி விட்டுடும். அதுக்காக ரொம்ப நேரம் விட்டாலும் நிறம், சத்து, ருசி எல்லாம் தண்ணியோட போயிடும்.

மத்த காய்க்கும் இதே முறைதான், நேரம் மட்டும் மாறும். உரிச்ச பட்டாணிக்கு 1½ நிமிஷம், நறுக்கின கேரட்டுக்கும் மேரக்காய்க்கும் 2, காலிஃபிளவர் பூவுக்கு 3, சின்ன வெண்டைக்காய்க்கு 3, பெருசுன்னா 4. வெண்டைக்காய மட்டும் முழுசா போட்டு எடுத்துட்டு அப்புறமா நறுக்குங்க, இல்லன்னா பானை பூரா கொழகொழப்புதான்.

ஆவில என்ன லாபம்னா தண்ணில கரையற சத்து கம்மியா போகும், 4 லிட்டர் தண்ணி காய வைக்கிற கேஸும் மிச்சம். ஆனா நேரம் ஒன்றரை மடங்கு, பீன்ஸுக்கு 4½ நிமிஷம். தட்டுல ஒரே அடுக்காதான் பரப்பணும், குமிச்சு வச்சா மேல வெந்து நடுவுல பச்சையா நிக்கும், அதனால நாலஞ்சு ஈடு எடுக்கணும். கீரைக்கு ஆவி ஆகாது, இலை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அதுக்கு கொதிதண்ணில 2 நிமிஷம்தான்.

அத்தை கணக்குல ஒரு சிக்கல் இருக்கு. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், அங்க தண்ணி சுமார் 95 டிகிரிலயே கொதிச்சிடும், சேலத்துல 99. 5,000 அடிக்கு மேல ஒரு நிமிஷம் கூட்டணும்னு பொதுவா சொல்வாங்க, ஏற்காடு ஊர் அந்த கோட்டுக்கு கொஞ்சம் கீழ, சேர்வராயன் கோயில் மலை அந்த கோட்டுக்கு மேல. நான் சொல்றது, ஏற்காட்டுலயும் அந்த ஒரு நிமிஷத்த கூட்டிடுங்க, கொஞ்சம் கூட வெந்தா நஷ்டம் கம்மி, வேகாம போனாதான் மாசக்கணக்குக்கு வம்பு.

ஆற வைக்கிற விஷயத்துல சேலத்துக்காரங்களுக்குதான் கஷ்டம். 15 டிகிரியோ அதுக்கு கீழயோ இருக்கற தண்ணி வேணும், சித்திரை வெயில்ல நம்ம மேல்தொட்டி தண்ணி கை வச்சாலே சுடுது, அதுல காய போட்டா வேகறது நிக்கவே நிக்காது. காய் எவ்வளவு எடையோ அவ்வளவு ஐஸ் வேணும், ட்ரே ஐஸ் பத்தாது, முந்தின ராத்திரியே ஒரு டப்பா தண்ணிய உறைய வச்சு உடைச்சு போட்டுக்கோங்க. கொதிச்ச நேரம் அளவுக்கே ஐஸ் தண்ணில இருக்கட்டும். ஒரு பீன்ஸ எடுத்து கடிச்சுப் பாருங்க, நடுவுலயும் சில்லுன்னு இருக்கணும், பச்சை வாடை போயிருக்கணும், ஆனா கடிக்கும்போது நறுக்குன்னு இருக்கணும், நசுங்குச்சுன்னா நேரம் கூடிப்போச்சு.

அப்புறம் வடிகட்டி துண்டுல ஒத்தி எடுங்க, ஈரம் நின்னா மொத்தமும் ஒரே கட்டியாயிடும். தட்டுல பரப்பி உறைய வச்சு, கவர்ல போட்டு காத்த வெளியேத்தி மூடுங்க, மைனஸ் 18ல எட்டு மாசம் தாராளமா நிக்கும். மொத்தமா போடறதுன்னா கொதிதண்ணி, ஒரு கைப்பிடி பட்டாணி கேரட்னா இட்லி சட்டி, இதுதான் என் கட்சி. சமைக்கும்போது ஐஸ் விட வைக்காம நேரா வாணலில போடுங்க, ஏற்கனவே பாதி வெந்த காய்ங்கறதால சீக்கிரம் இறக்கிடலாம்.